SF₄ வடிவம்: தனித்த இரட்டையை எங்கே வைப்பது?

எலக்ட்ரான் இரட்டைகளின் விலக்கத்தை வைத்து மூலக்கூறின் வடிவத்தைக் கணிக்கும் வி.எஸ்.இ.பி.ஆர். கணக்கில் பலர் சறுக்கும் இடம், SF₄-ஐ CH₄ போல நான்முகி என்று எழுதிவிடுவது. நான்கு ஃபுளூரினை மட்டும் எண்ணுவதால் வரும் பிழை இது.

முதலில் மைய அணுவின் எலக்ட்ரான்களை எண்ணுங்கள். கந்தகத்துக்கு இணைதிறன் எலக்ட்ரான்கள் 6. நான்கு பிணைப்புக்கு 4 போனால் மீதி 2, அதாவது ஒரு தனித்த இரட்டை. ஆக மொத்தம் ஐந்து இரட்டைகள். அடிப்படை அமைப்பு முக்கோண இருபிரமிடு.

இனி அந்தத் தனித்த இரட்டைக்கு இடம் பார்க்க வேண்டும். மேலோ கீழோ அச்சில் வைத்தால் 90°-யில் மூன்று பிணைப்புகள் அதை நெருக்கும். நடுத்தளத்தில் வைத்தால் இரண்டுதான். மற்ற இரண்டும் 120° தள்ளி இருப்பதால் பெரிய தொல்லை இல்லை. எனவே நடுத்தளமே. அணுக்களை மட்டும் பார்த்தால் கிடைப்பது சீசா வடிவம்.

தனித்த இரட்டை அதிக இடம் பிடிப்பதால் கோணங்கள் சுருங்கும். நடுத்தள F–S–F 120°-இலிருந்து சுமார் 102° ஆகிறது. அச்சு ஃபுளூரின்கள் இரண்டும் தனித்த இரட்டையிடமிருந்து விலகி வளைவதால் 180° சுமார் 173° ஆகிறது.

நீரிலும் இதே கதைதான்: இரண்டு பிணைப்பு, இரண்டு தனித்த இரட்டை, 109.5° குறைந்து 104.5°. ஆனால் எவ்வளவு குறையும் என்பதை இந்த முறை சொல்லாது, திசையை மட்டுமே சொல்லும். அதே எண்ணிக்கை கொண்ட H₂S-இல் கோணம் சுமார் 92° தான்.