சந்தை மூடிய பின் திரையில் தெரியும் விலை: அமெரிக்கப் பங்குகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கப் பங்குச் சந்தையின் வழக்கமான நேரம், நியூயார்க் நேரப்படி காலை 9.30 முதல் மாலை 4 மணி வரை. அதற்கு முன் அதிகாலை 4 மணியிலிருந்தும், மூடிய பின் இரவு 8 மணி வரையிலும் மின்னணு வழியில் வணிகம் நடக்கிறது. பெரும்பாலான நிறுவனங்கள் காலாண்டு முடிவுகளை இந்த நேரங்களில்தான் வெளியிடுகின்றன என்பதால், விலையும் அப்போதே துள்ளுகிறது.

அந்தத் துள்ளலைச் சந்தையின் முடிவான தீர்ப்பாக எடுத்துக்கொள்வதே முதல் தவறு. 2024 பிப்ரவரி 13 மாலை, லிஃப்ட் என்ற வாடகைக் கார் சேவை நிறுவனத்தின் அறிக்கை, அதன் லாப விகிதம் 5 சதவீதப் புள்ளிகள் உயரும் என்றது. பங்கு சிறிது நேரத்தில் 60 சதவீதத்துக்கும் மேல் ஏறியது. உண்மையில் அது அரைச் சதவீதப் புள்ளிதான். சதவீதப் புள்ளியின் நூறில் ஒரு பங்கை அலகாகக் கொண்டு எழுதிய அறிக்கையில், 50 என்பதில் ஒரு பூஜ்யம் கூடி 500 ஆகிவிட்டிருந்தது. அன்று மாலையே ஆய்வாளர்களுடனான உரையாடலில் நிதித் தலைவர் அதைத் திருத்த, ஏற்றத்தின் பெரும்பகுதி கரைந்தது. ஆனாலும் முடிவுகள் நன்றாகவே இருந்ததால், மறுநாள் பங்கு சுமார் 35 சதவீத உயர்வில் முடிந்தது. செய்தி மெய்யாகவே நல்லதாக இருந்தும், உச்சத்தில் வாங்கியவருக்கு நஷ்டம்.

இவ்வளவு பெரிய தாவல் நிகழக் காரணம், அந்நேரத்தில் வாங்குவோரும் விற்போரும் குறைவு என்பதே. பகலில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையே ஓரிரு சென்ட் இருக்கும் பங்கில், மாலையில் ஒரு டாலருக்கு மேலும் இடைவெளி விழலாம். சில நூறு பங்குகளின் ஆர்டரே விலையை நகர்த்திவிடும். அளவு மீறிய விலை மாற்றத்தில் வணிகத்தைச் சில நிமிடங்கள் நிறுத்திவைக்கும் விலை வரம்பு ஏற்பாடும் வழக்கமான நேரத்துக்கு மட்டுமே உரியது. எனவே விலையை மட்டும் பாராமல், அந்த விலையில் எத்தனை பங்குகள் கைமாறின என்பதையும் பார்க்க வேண்டும். தரகு நிறுவனங்கள் பெரும்பாலும் இந்நேரத்தில், விலை வரம்பை நாமே குறித்துத் தரும் லிமிட் ஆர்டரை மட்டுமே ஏற்பதும் இதனால்தான்.

நம்மூர் தேசியப் பங்குச் சந்தையின் காலை 9 மணி முன்திறப்பு அமர்வைப் போன்றதே இதுவும் என்று எண்ணுவது இன்னொரு தவறு. அங்கே ஆர்டர்களை ஒன்றுதிரட்டி, அதிகப் பங்குகள் கைமாறக்கூடிய ஒரே விலையைக் கண்டறிகிறார்கள். அமெரிக்காவிலோ ஒவ்வொரு ஆர்டரும் எதிர்ப்படும் ஆர்டருடன் தனித்தனியே பொருந்துகிறது.

மிகுந்த இழப்பைத் தருவது, குறித்த விலைக்கு இறங்கினால் பங்கை விற்கச் சொல்லும் ஸ்டாப் லாஸ் ஆர்டர் பற்றிய தவறான நம்பிக்கை. 100 டாலர் பங்குக்கு 95-இல் ஸ்டாப் லாஸ் வைத்திருக்கிறீர்கள் என்று கொள்வோம். மாலை 4.05-க்கு மோசமான முடிவுகள் வந்து விலை 82-க்குச் சரிந்தாலும், சாதாரண ஸ்டாப் லாஸ் பொதுவாக அப்போது இயங்காது. மறுநாள் 9.30-க்குப் பங்கு 80-இல் திறந்தால், அது உயிர்பெற்று 80-ஐ ஒட்டிய விலையில் விற்றுவிடும். அதையே 94 என்ற லிமிட்டுடன் வைத்திருந்தால், பங்கு விற்காமலே கையில் நிற்கும்.