தைப்பூசத் தேதி குறிப்பதில் கோயில் குழுக்கள் சறுக்கும் இடங்கள்

2025 பொங்கலன்று மத்தியானம், பால்குடத்துக்குப் பெயர் கொடுத்திருந்த ஓர் அம்மா தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, நாளைக்குப் பூசமெல்லே? எத்தினை மணிக்கு வரோணும்?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் குறிப்பேட்டில் விழா பெப்ரவரியில் இருந்தது. அவரோ நவம்பர் 29 அன்றே மாலை போட்டு, நாற்பத்தெட்டாம் நாள் சரியாக ஜனவரி 15 என்று கணக்குப் பார்த்து விரதம் இருந்திருக்கிறார். ஊரிலிருந்து வந்த கலண்டரில் ஜனவரி 15, தை 2, பூசம் என்று தெளிவாகப் போட்டிருந்ததாம். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த நட்சத்திரம் அன்றைக்கு இருக்கத்தான் செய்தது. நாங்கள் முதல் அறிவிப்பை அனுப்பியதே ஜனவரி 5. அதற்குள் அவருடைய விரதத்தில் முப்பத்தேழு நாள் போய்விட்டது.

ரொறன்ரோப் பக்கத்தில் ஒரு சிறிய முருகன் கோயிலில் சில வருடங்களாகப் பதிவுக் கொப்பி என் கையில் இருக்கிறது. பின்வரும் தவறுகளில் பாதி நாங்களே செய்தவை.

தை மாதத்தில் வரும் பூசமெல்லாம் தைப்பூசம் என்று எண்ணுவது

சந்திரன் இருபத்தேழு நட்சத்திரங்களையும் சுற்றிவர 27 நாளும் ஏறத்தாழ 8 மணி நேரமும் எடுக்கும். தை மாதத்துக்கு 29 அல்லது 30 நாள். ஆகவே மாதத்தின் முதல் இரண்டு நாளுக்குள் பூசம் வந்துவிட்டால், மாதம் முடிவதற்குள் இன்னொரு பூசமும் வந்துவிடும். 2025இல் நடந்தது அதுதான். ஜனவரி 15 ஒன்று, பெப்ரவரி 11 இன்னொன்று.

எது விழா நாள் என்பதைப் பௌர்ணமிதான் காட்டிக் கொடுக்கிறது. தைப்பூசம் பௌர்ணமியை ஒட்டி வரும் பூசம். அந்த ஆண்டு ஜனவரிப் பௌர்ணமி 13ஆம் தேதியே, தை பிறக்கும் முன்னே, மார்கழித் திருவாதிரையோடு போய்விட்டது. 15ஆம் தேதி தேய்பிறை. தைக்குரிய பௌர்ணமி பெப்ரவரி 12. ஆகவே அதற்கு முதல் நாள் வந்த பூசமே தைப்பூசம். கலண்டரில் நட்சத்திரத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியாது. முழு நிலாவுக்குப் போட்டிருக்கும் வட்டத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரட்டைப் பூசம் வரும் வருடத்தில் "ஜனவரிப் பூசம் விழா நாள் அல்ல" என்று ஒரு வரியை அறிவிப்பில் போடுவது, பத்துத் தொலைபேசி அழைப்பை மிச்சப்படுத்தும்.

போன வருடத் தேதியிலிருந்து கழிப்பது

குழுவில் எப்போதும் ஒருவர் இருப்பார்: "வருசா வருசம் பதினொரு நாள் முன்னுக்கு வரும், அவ்வளவுதானே" என்பார். 2023இல் பெப்ரவரி 5, 2024இல் ஜனவரி 25. சரியாகப் பதினொரு நாள். அந்தக் கணக்கை நம்பி 2025க்கு ஜனவரி 14 என்று மண்டபத்துக்கு முற்பணம் கட்டினால் காசு போச்சு. அந்த ஆண்டு தேதி பதினேழு நாள் பின்னுக்குத் தாவியது. 2026இல் திரும்பவும் பத்து நாள் முன்னுக்கு வந்து பெப்ரவரி 1.

காரணம் எளிது. பதின்மூன்று நட்சத்திரச் சுற்று ஏறத்தாழ 355 நாள், பதினான்கு சுற்று 382 சொச்சம். 365க்கு இரண்டுமே பொருந்தாது. பதின்மூன்று சுற்றாக ஒன்றிரண்டு வருடம் முன்னேறி, தைக்கு வெளியேயோ தைப் பௌர்ணமியை விட்டு விலகியோ விழப் போகும் வருடத்தில் பதினான்காகத் தாவும். எந்த வருடம் தாவும் என்பதை மனக்கணக்கில் பிடிக்க முயல வேண்டாம், பஞ்சாங்கம் இருக்கிறது.

பஞ்சாங்கம் எப்போது கைக்கு வருகிறது என்பதிலும் ஒரு சங்கதி உண்டு. பல குழுக்கள் டிசம்பரில் வரும் புதுவருடக் கலண்டருக்காகக் காத்திருக்கின்றன. தமிழ் வருடப் பஞ்சாங்கமோ சித்திரையில் தொடங்குகிறது. 2025 பெப்ரவரியின் தைப்பூசம், 2024 ஏப்ரலில் பிறந்த குரோதி வருடப் பஞ்சாங்கத்திலேயே இருந்தது. வைகாசிக்குள் தேதியை முடிவு செய்யலாம், ஒன்பது மாதம் கையில் இருக்கும். நாங்கள் அதை அலுமாரிக்குள் வைத்துவிட்டுக் கலண்டருக்குக் காத்திருந்தோம்.

ஊர்த் தேதியை அப்படியே எடுப்பது

நட்சத்திரம் தொடங்கும் கணமும் முடியும் கணமும் உலகம் முழுக்க ஒன்றுதான். அந்தக் கணத்தில் உங்கள் ஊரில் என்ன மணி, சூரியன் உதித்துவிட்டதா என்பதில்தான் தேதி மாறுகிறது.

திருக்கணிதப் பஞ்சாங்கப்படி 2025இல் பூசம், இந்திய, இலங்கை நேரத்தில் பெப்ரவரி 10 மாலை 6 மணியளவில் தொடங்கி 11 மாலை 6.30 தாண்டி முடிந்தது. 11 காலை உதயத்தில் பூசம் இருந்தது, பகல் முழுக்கவும் இருந்தது. அங்கே பிரச்சினையே இல்லை. சிங்கப்பூருக்கு இரண்டரை மணி நேரம் கூட்டுங்கள், அங்கேயும் 11தான். லண்டனுக்கு ஐந்தரை மணி நேரம் கழித்தால் 10 மத்தியானம் 12.30 முதல் 11 மத்தியானம் 1 மணிவரை. உதயத்துக்கு இருக்கிறது, 11 என்று வைக்கலாம். ஆனால் 11 மாலை அபிஷேகம் வைத்தால் நட்சத்திரம் போயிருக்கும். வான்கூவருக்குப் பதின்மூன்றரை மணி நேரம் கழிக்க வேண்டும். 10 விடியற்காலை 4.30க்குத் தொடங்கி, 11 சூரியன் உதிக்கு முன்னரே முடிந்துவிடுகிறது. அங்கே சந்தேகமில்லாமல் 10, திங்கட்கிழமை.

ரொறன்ரோ இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. இங்கே பூசம் 10 காலை 7.30க்குத் தொடங்கி 11 காலை 8 மணியளவில் முடிகிறது. பெப்ரவரி நடுவில் இங்கு சூரிய உதயம் 7.20ஐ ஒட்டி. அதாவது திங்கள் உதயத்துக்குச் சில நிமிடம் பிந்திப் பூசம் பிறக்கிறது, செவ்வாய் உதயத்துக்கு ஒட்டிக்கொண்டு முக்கால் மணி நேரம்கூட நிற்காமல் போய்விடுகிறது. உதயத்தில் இருக்கும் நட்சத்திரமே அன்றைய நட்சத்திரம் என்று கொள்பவருக்குச் செவ்வாய். பூசை நேரத்தில் நட்சத்திரம் இருக்க வேண்டும் என்பவருக்குத் திங்கள். எங்கள் குருக்கள் திங்கள் மாலை என்றார், ஏனென்றால் செவ்வாய் மாலை ஆயிலியம். இதில் யார் சரி என்று வாதாடுவது என் வேலை அல்ல. ஆனால் எந்த விதி என்பதைக் குருக்களிடம் கேட்டு எழுதி வைக்காமல், கைபேசியில் பார்த்த தேதியைப் போட்டுவிடுவது தவறு. செயலியில் ஊர் எது என்று பார்க்காமல் விடுவது அதைவிடப் பெரிய தவறு. பலருடைய கைபேசியில் அது இன்னும் சென்னையிலோ புது டில்லியிலோதான் நிற்கிறது.

வாக்கியப் பஞ்சாங்கமா திருக்கணிதப் பஞ்சாங்கமா என்பதும் இதே வகை. இரண்டுக்கும் நட்சத்திர முடிவில் சில நாழிகை வித்தியாசம் வரும், ஒரு நாழிகை 24 நிமிடம். யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தச் சண்டை புதிதில்லை. ரொறன்ரோவின் 2025 போன்ற விளிம்பு நிலையில் ஒரு நாழிகையே தேதியைப் புரட்டிவிடும். நேரம் நாழிகையில் அச்சாகியிருந்தால் அது பஞ்சாங்கம் கணித்த ஊரின் உதயத்திலிருந்து எண்ணியது, கடிகார மணி அல்ல.

இரண்டு தேதிகளை ஒரே பெயரில் சொல்வது

பூசம் வேலை நாளில் வந்தால் பால்குடத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றும் கோயில்கள் வெளிநாட்டில் நிறைய. அதில் தப்பில்லை. "தைப்பூசம் பெப்ரவரி 16" என்று அறிவிப்பதுதான் தப்பு. பெப்ரவரி 16 தைப்பூசம் அல்ல, தைப்பூசப் பால்குடம் எடுக்கும் நாள். இரண்டையும் பிரித்து எழுதாவிட்டால் ஒரு வீட்டுக்குள்ளேயே மாமியார் ஒரு நாளும் மருமகள் இன்னொரு நாளும் விரதம் முடிப்பார்கள்.

எந்த ஞாயிறு என்பதற்கும் நிலையான விதி வேண்டும். அந்த வருடம் கிட்டிய ஞாயிறு பெப்ரவரி 9. நட்சத்திரம் பிறக்கும் முன் குடம் எடுப்பதா என்று சிலர் முகம் சுளித்தார்கள், அதனால் பூசத்துக்குப் பிந்திய ஞாயிறு என்று எழுதி வைத்தோம். அது 16. மறுநாள் ஒன்ராறியோவில் குடும்ப நாள் விடுமுறை, நீண்ட வாரவிறுதி என்று பாதிப்பேர் வெளியூர். விதி வைத்தால் இப்படியும் ஒரு வருடம் வரும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

விழாவிலிருந்து எண்ணிவிட்டு விரதத்திலிருந்து எண்ண மறப்பது

"ஒரு மாதம் முன்னுக்குச் சொன்னால் போதாதா?" என்று கேட்பவர்கள் விரதம் பிடிக்காதவர்கள். பெப்ரவரி 16 நாற்பத்தெட்டாம் நாள் என்றால் முதல் நாள் டிசம்பர் 31. நட்சத்திர நாளான 10க்கே முடிப்பவருக்கு டிசம்பர் 25. அதற்கு முன் அவர் வேலையிடத்தில் விடுப்புக் கேட்க வேண்டும். ஆகவே உறுதித் தேதி நவம்பர் நடுவில் கைக்குப் போய்ச் சேர வேண்டும். இரட்டைப் பூச வருடம் என்றால் இன்னும் முந்தி, முதல் பூசத்துக்கும் 48 நாள் பின்னோக்கி எண்ணி. தொலைபேசியில் அழைத்த அந்த அம்மா தொடங்கிய நவம்பர் 29தான் அந்தக் கடைசி நாள்.

பதிவு செய்தவருக்குச் செய்தி வாட்ஸ்அப் குழுவில் படமாகப் போனால் மட்டும் போதாது. படம் ஊர் சுற்றும், போன வருடப் படமும் சுற்றும். ஒவ்வொருவருக்கும் தனியே, எழுத்தில் அனுப்புங்கள். 11/02 என்று எழுதாதீர்கள், இங்கே சிலருக்கு அது நவம்பர் 2. இப்போது நாங்கள் அனுப்புவது இப்படி இருக்கிறது:

"தைப்பூச நட்சத்திர பூசை: 2025 பெப்ரவரி 10, திங்கள், மாலை. பால்குடம்: 2025 பெப்ரவரி 16, ஞாயிறு, காலை. ரொறன்ரோ நேரப்படி, குருக்கள் உறுதி செய்தது. ஜனவரி 15 பூசம் விழா நாள் அல்ல. 48 நாள் விரதம் ஞாயிறு முடிப்பவர் டிசம்பர் 31 தொடங்கவும். இந்த அறிவிப்பு நவம்பர் 12 அன்று எழுதியது, இதற்கு முந்தியவை செல்லாது. கிடைத்தது என்று பதில் போடவும்."

2025இல் இப்படி ஒன்று போகவில்லை, பின்னர் உட்கார்ந்து எழுதிய மாதிரி இது. பதில் போடாதவர்களை ஒரு வாரம் கழித்து அழைக்கிறோம். பெரும்பாலும் வயதானவர்கள், பிள்ளைகளின் எண்ணைக் கொடுத்திருப்பார்கள், செய்தி பிள்ளையின் கைபேசியோடு நின்றிருக்கும். அந்த அம்மாவுக்கும் அப்படித்தான் ஆனது, ஜனவரி 5 செய்தி மகனிடம் இருந்தது. அவர் ஜனவரி 15 அன்று கோயிலுக்கு வந்து, மூலவருக்கு ஒரு சிறு செம்பில் பால் வார்த்து மாலையைக் கழற்றினார். பெப்ரவரி 16க்கும் பெயரை எடுக்க வேண்டாம் என்றார். அந்த வருடம் அவருக்கு இரண்டு பூசம்.