அத்தைக்கு அனுப்பும் வாட்ஸ்அப் அழைப்பு: எங்கே சறுக்குகிறது?

புது வீட்டில் பால் காய்ச்சப் போகிறோம். நியூ ஜெர்சியில் இருக்கும் அத்தைக்குத் தகவல் சொல்ல அண்ணன் எழுதி வைத்தது இப்படித் தொடங்கியது: "அன்புடையீர், நிகழும் மங்களகரமான பராபவ வருடம் ஆவணி மாதம்..." பத்திரிகைக்கு இது சரி. ஆனால் பூட்டிய ஃபோன் திரையில் முதல் ஒன்றிரண்டு வரிகள்தான் தெரியும். அதில் என்ன விசேஷம், யார் வீட்டில் என்பதே இல்லை. பத்திரிகையைப் படமெடுத்து அனுப்பினாலும் இதே கதைதான். எழுத்து பொடிப்பொடியாக இருக்கும், அத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி முகூர்த்தத்தைத் தேட வேண்டும்.

அடுத்தது தேதி. அண்ணன் "6/9" என்று போட்டிருந்தான். அமெரிக்காவில் மாதத்தை முதலில் எழுதுவார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்த அத்தை பெண் அதை ஜூன் 9 என்றுதான் படிப்பாள். "செப்டம்பர் 6, ஞாயிறு" என்று எழுதிவிட்டால் குழப்பமில்லை.

பெரிய தவறு நேரத்தில்தான். முகூர்த்தம் அதிகாலை 4.30 முதல் 6 வரை. செப்டம்பரில் நியூ ஜெர்சி நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால் இருக்கும், குளிர்காலத்தில் பத்தரை. ஆக, நமக்கு ஞாயிறு அதிகாலை 4.30 என்றால் அவர்களுக்குச் சனிக்கிழமை இரவு 7. "ஞாயிறு காலை வீடியோ காலில் பாருங்கள்" என்று மட்டும் சொன்னால், அத்தை ஞாயிறன்று எழுந்து காபி போடும்போது இங்கே பந்தியே முடிந்திருக்கும். கணக்கை அவர்கள் தலையில் கட்டாமல் நாமே போட்டு, அவர்கள் ஊர்க் கிழமையோடு எழுத வேண்டும். லண்டன் சித்தப்பாவுக்கு அதே நேரம் சனி நள்ளிரவு 12. அவருக்கு வீடியோ பதிவை அனுப்பிவிடுவதுதான் நியாயம்.

"குடும்பத்துடன் அவசியம் வந்திருந்து" என்ற வரியையும் எடுத்துவிட்டேன். டிக்கெட் விலை தெரிந்தவர்களிடம் அது அச்சடித்த பேச்சு. அந்த இடத்தில் அவருக்கு மட்டுமே பொருந்தும் ஒரு வரி போதும். கடைசியில் அனுப்பியது இது:

"அத்தை, செப்டம்பர் 6 ஞாயிறு நம்ம புது வீட்டில் பால் காய்ச்சுகிறோம்.
உங்கள் ஊரில் சனி இரவு 7 மணி. நானே வீடியோ காலில் வருகிறேன்.
பாட்டியின் பித்தளைப் பானைதான். பொங்கும்போது நீங்கள் பார்க்கணும்."

எல்லோருக்கும் இதையே ஃபார்வர்ட் செய்யாதீர்கள். அத்தையின் ஊர் நேரமும் அவருக்கான வரியும் அப்படியே போய்விடும். நகலெடுத்து ஒட்டி, ஊரையும் நேரத்தையும் கடைசி வரியையும் மாற்றினால் ஆளுக்கு ஒரு நிமிடம்தான்.

அப்புறம், அனுப்பும் வேளை. இங்கே காலை 10 மணி அங்கே நள்ளிரவு 12.30. ஊரிலிருந்து அந்த நேரத்தில் ஃபோன் சத்தம் போட்டால், யாருக்கு என்னவோ என்றுதான் முதலில் பதறுவார்கள். நான் மாலை 7 மணிக்கு அனுப்பினேன், அங்கே காலை 9.30. ஐந்தாவது நிமிடம் பதில்: "பானையைப் புளி போட்டு விளக்கினீங்களா?"