ஐஇஎல்டிஎஸ் பேச்சுத் தேர்வு: இணைப்புச் சொற்களில் சறுக்கும் இடங்கள்

பேச்சுத் தேர்வுக்குத் தயாராகிறவர்களின் நோட்டைத் திறந்தால் பெரும்பாலும் இரண்டு பட்டியல்கள் இருக்கும். ஒன்றில் 'மோர்ஓவர்', 'ஃபர்தர்மோர்', 'இன் கன்க்ளூஷன்' என்று இணைப்புச் சொற்கள். இன்னொன்றில் 'குட்', 'இம்பார்ட்டன்ட்' போன்ற எளிய சொற்களுக்குப் பதிலாகச் சொல்ல வேண்டிய கடினமான சொற்கள். இரண்டையும் மனப்பாடம் செய்துவிட்டால் மதிப்பெண் கூடும் என்று நம்பி உழைக்கிறார்கள். அந்த உழைப்பு எந்த இடத்தில் எதிராகத் திரும்புகிறது என்று பார்ப்போம்.

ஐஇஎல்டிஎஸ் பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடம் நடக்கும். சரளமும் தொடர்ச்சியும், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு என நான்கு அளவுகோல்கள். நான்குக்கும் சம மதிப்பு. இதில் முதல் அளவுகோலைப் பற்றி வெளியிடப்பட்ட விளக்கத்தைப் பலர் படிப்பதே இல்லை. சில இணைப்புச் சொற்களை அளவுக்கு மீறிப் பயன்படுத்துவது 5-ஆம் நிலைக்கான அடையாளம் என்று அதிலேயே இருக்கிறது. பலவகை இணைப்புகள் வந்தாலும் சில இடங்களில் பொருந்தவில்லை என்றால் 6. இடத்துக்கேற்ப நெகிழ்வாக வந்தால் 7. எத்தனை சொன்னோம் என்ற கணக்கு எங்கேயும் இல்லை.

ஒரு பதிலை எடுத்துப் பார்ப்போம். இரண்டாம் பகுதியில் ஒரு அட்டை தருவார்கள். ஒரு நிமிடம் யோசிக்கலாம், பிறகு ஒன்று முதல் இரண்டு நிமிடம் பேச வேண்டும். தலைப்பு: நீங்கள் கற்றுக்கொண்ட ஒரு திறமை. பேசுகிறவர் நீச்சலைத் தேர்ந்தெடுக்கிறார். அவர் சொல்வதைத் தமிழிலேயே தருகிறேன், இணைப்புகள் மட்டும் ஆங்கிலத்தில்:

"ஃபர்ஸ்ட் ஆஃப் ஆல், நான் நீச்சல் கற்றேன். மோர்ஓவர், எனக்குத் தண்ணீர் என்றால் பயம். ஃபர்தர்மோர், பயிற்சியாளர் எனக்கு உதவினார். இன் அடிஷன், கற்க மூன்று மாதம் ஆனது. இன் கன்க்ளூஷன், நீச்சல் மிகவும் நல்ல திறமை."

இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் அந்த ஐந்து இணைப்புகளையும் அடித்துவிட்டு மறுபடி படியுங்கள். பொருள் கொஞ்சமும் மாறாது. எடுத்தாலும் வைத்தாலும் ஒன்றுதான் என்றால் அது இணைப்பு இல்லை, ஒட்டு வேலை. 'மோர்ஓவர்' என்பது ஏற்கெனவே சொன்ன வாதத்துக்கு வலுச் சேர்க்க இன்னொன்றைக் கொண்டுவரும் சொல். அதுவும் பேச்சைவிடக் கட்டுரையில்தான் அதிகம் புழங்கும். நீச்சல் கற்றதும் தண்ணீர்ப் பயமும் ஒன்றுக்கொன்று வலுச் சேர்க்கவில்லை, முரண்படுகின்றன. அங்கே வேண்டியது 'ஈவன் தோ' அல்லது வெறும் 'பட்'.

ஆக, சொல்லைத் தேடும் முன் இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே என்ன உறவு என்று கேட்டுக்கொள்ள வேண்டும். காரணமா, விளைவா, முரணா, காலவரிசையா? அதே நீச்சல் பதிலை இப்படிக் கட்டலாம்:

"டு பி ஆனஸ்ட், தண்ணீர் என்றாலே எனக்குப் பயம், பிகாஸ் சின்ன வயதில் ஒருமுறை மூழ்கப் பார்த்தேன். சோ, முதல் வாரம் முகத்தைத் தண்ணீரில் வைத்து மூச்சை அடக்குவதை மட்டும்தான் பயிற்சியாளர் செய்யச் சொன்னார். அட் ஃபர்ஸ்ட் அது வீண் வேலை என்று தோன்றியது, பட் அந்தப் பயம் போனது அதனால்தான். பை தி டைம் மூன்றாவது மாதம் வந்தது, கால் எட்டாத ஆழத்திலும் மிதக்க முடிந்தது."

இங்கே எந்த இணைப்பை எடுத்தாலும் கதை தடுமாறும். 'அந்தப் பயம்' என்பதையும் கவனியுங்கள். ஆங்கிலத்தில் 'தட் ஃபியர்' என்று முன்னால் சொன்னதைத் திரும்பச் சுட்டுவதும் இணைப்புதான். பட்டியல்களில் இது வருவதே இல்லை, ஆனால் இயல்பாகப் பேசுகிறவர்கள் அதிகம் நம்புவது இதைத்தான். முடிவுரையும் தேவையில்லை. நேரம் முடிந்தால் தேர்வாளரே நிறுத்திவிடுவார், அதற்காக மதிப்பெண் குறையாது.

தமிழில் யோசித்துப் பேசுகிறவர்களுக்கு இன்னொரு சறுக்கலும் உண்டு: 'ஆல்தோ' என்று தொடங்கி நடுவில் 'பட்' என்றும் சொல்வது. 'பயமாக இருந்தாலும் குதித்தேன்' என்பதில் 'ஆலும்' ஒன்றே முரணைச் சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்திலும் அப்படித்தான், இரண்டில் ஒன்று போதும்.

மனப்பாடம் செய்த தொடர்களுக்கு இன்னொரு சிக்கல், அவை காதில் தனியாகத் தெரியும். "ஃபர்ஸ்ட் ஆஃப் ஆல் ஐ வுட் லைக் டு சே தட்" என்பது மூச்சுவிடாமல் வேகமாக வரும். அப்புறம் மூன்று விநாடி மௌனம். பிறகு வரும் சொந்த வாக்கியம் தயங்கித் தயங்கி வரும். ஏற்ற இறக்கமும் மாறிவிடும். எந்தத் துண்டு மனப்பாடம், எந்தத் துண்டு சொந்தம் என்று கேட்பவருக்கு உடனே புரிந்துவிடும்.

சரி, சொல்வளத்துக்கு வருவோம். 'மெனி' என்பதற்குப் பதில் 'ப்ளெதோரா', 'ஸ்டார்ட்' என்பதற்குப் பதில் 'கமென்ஸ்' என்று மாற்றுவதைத்தான் பலரும் சொல்வளம் என்று நினைக்கிறார்கள். நண்பர்களோடு விளையாட 'கமென்ஸ்' செய்தேன் என்றால் அலுவலக அறிக்கை போலக் கேட்கும். சொல்வளம் என்பது பெரும்பாலும் எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேரும் என்ற பழக்கம். நாம் 'பலத்த மழை', 'பலத்த காற்று' இரண்டையும் சொல்வோம். ஆங்கிலத்தில் காற்றுக்கு 'ஸ்ட்ராங்', மழைக்கு 'ஹெவி'. 'தவறு செய்தேன்' என்பதை அப்படியே மாற்றி 'டூ எ மிஸ்டேக்' என்பார்கள், சேர வேண்டியது 'மேக்'. அதனால் சொல்லைத் தனியாக எழுதி வைக்காதீர்கள். அதன் ஜோடியோடு, உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியத்தில் எழுதி வையுங்கள்.

நீச்சல் பதிலில் 'வெரி குட் ஸ்கில்' என்பதைவிட 'ஹோல்ட் மை ப்ரெத்', 'ஃப்ளோட்', 'அவுட் ஆஃப் மை டெப்த்' போன்றவை சொல்வளத்தை நன்றாகக் காட்டும். மூன்றும் கடினமான சொற்கள் இல்லை. ஆனால் நீச்சலைப் பற்றிப் பேசினால்தான் வரும் சொற்கள், பேச்சுக்கு உயிர் தருவது அவைதான். சொல் நினைவுக்கு வராவிட்டால் நின்றுவிட வேண்டாம். 'ஸ்க்ரூடிரைவர்' மறந்துபோனால் "ஸ்க்ரூவைத் திருகும் கருவி" என்று ஆங்கிலத்தில் விளக்குங்கள். இப்படி வேறு சொற்களில் சொல்லிச் சமாளிப்பதும் சொல்வள அளவுகோலில் கணக்கில் வரும் திறமைதான்.

பயிற்சிக்கு ஒரு வழி. அட்டை ஒன்றை எடுத்து இரண்டு நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்கள். கேட்டு, தயக்கங்கள் உட்பட அப்படியே எழுதுங்கள். இணைப்புகளை அடிக்கோடிட்டு ஒவ்வொன்றையும் அடித்துப் பாருங்கள். பொருள் மாறாதவை போகட்டும். மூன்று முறைக்கு மேல் வந்த பெயரடைகளை வட்டமிட்டு, அந்த இடத்தில் குறிப்பாக என்ன சொல்ல நினைத்தீர்கள் என்று ஓரத்தில் எழுதுங்கள். பிறகு தாளை மூடிவிட்டு அதே தலைப்பில் மறுபடி பேசுங்கள். பார்த்துப் படித்தால் அது வாசிப்புப் பயிற்சியாகிவிடும்.

தேர்வில் கிடைக்கும் அந்த ஒரு நிமிடத்தில் முழு வாக்கியங்களை எழுதாதீர்கள், இரண்டு வரிக்குள் நேரம் போய்விடும். நான்கைந்து சொற்களும் நடுவே அம்புக்குறிகளும் போதும்: பயம், மூச்சு, மூன்று மாதம், ஆழம். ஒவ்வோர் அம்புக்குறியின் மேலும் 'ஏன்', 'ஆனால்', 'பிறகு' என்று தமிழிலேயே குறித்துக்கொள்ளலாம்; குறிப்புத்தாளுக்கு மதிப்பெண் கிடையாது.