பரிந்துரை கேட்கும் கடிதத்தில் மதிப்பெண்ணை எப்படிச் சொல்லக் கூடாது

டர்பனில் எல்.எல்.பி. கடைசி ஆண்டு படிக்கும் நம் பிள்ளைகள் வெளிநாட்டில் எல்.எல்.எம். படிக்கக் கிளம்பும்போது பேராசிரியருக்கு எழுதும் கடிதம் பெரும்பாலும் இப்படி இருக்கும்: “நான்கு ஆண்டுகளாக நன்றாகப் படித்து வருகிறேன். என் சராசரி 66. மதிப்பெண் பட்டியலை இணைத்திருக்கிறேன். தயவுசெய்து பரிந்துரைக் கடிதம் தர வேண்டுகிறேன்.” மரியாதையில் குறையில்லை, பொய்யும் இல்லை. ஆனால் இதை வைத்துக்கொண்டு அவரால் ஒரு பத்திகூட எழுத முடியாது.

மதிப்பெண் பட்டியல் சேர்க்கைக் குழுவுக்குத் தனியாகவே போய்விடும். அதில் இருப்பதையே பேராசிரியரும் திருப்பிச் சொன்னால், படிப்பவர்களுக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்காது. இந்த மாணவி எப்படி யோசிக்கிறாள், தீர்ப்பை எப்படிப் படிக்கிறாள், குறை சொன்னால் எப்படித் திருத்துகிறாள், கூடப் படித்தவர்களில் எங்கே நிற்கிறாள் என்பதைத்தான் அவர்கள் கடிதத்தில் தேடுகிறார்கள். நூற்றுக்கணக்கானோருக்குப் பாடம் எடுத்த ஒருவருக்கு இதெல்லாம் உடனே நினைவுக்கு வராது. கேட்கிறவர்தான் நினைவூட்ட வேண்டும்.

ஒரு கற்பனை மாணவியை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் மனித உரிமைச் சட்டத்தில் எல்.எல்.எம். படிக்க ஆசைப்படுகிறாள். மொத்தச் சராசரி 66. இரண்டாம் ஆண்டில் அரசியலமைப்புச் சட்டத்தில் 71. நான்காம் ஆண்டு முதல் பருவத்தில் அதே பேராசிரியரின் மேற்பார்வையில் ஆய்வுக் கட்டுரை எழுதி 77 வாங்கியிருக்கிறாள். கட்டுரை 2007இல் தென்னாப்பிரிக்க அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்த மூக்குத்தி வழக்கைப் பற்றியது. டர்பன் பள்ளி ஒன்றில் படித்த தமிழ்ப் பெண், சீருடை விதியை மீறி மூக்குத்தி அணியலாமா என்று எழுந்த வழக்கு அது. மதம் கட்டாயமாக்காத, விருப்பத்தால் பின்பற்றும் வழக்கத்துக்கும் பாதுகாப்பு உண்டு என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு.

இவள் 66 என்று மட்டும் எழுதினால், தன்னிடம் இருக்கும் நல்ல சரக்கையெல்லாம் மூட்டையிலேயே வைத்துவிட்டாள் என்று அர்த்தம். கடிதம் ஆங்கிலத்தில்தான் போகும்; அதன் பொருள் இப்படி இருக்கலாம்: “இரண்டாம் ஆண்டில் உங்கள் அரசியலமைப்புச் சட்ட வகுப்பில் இருந்தேன், 71 வாங்கினேன். இந்த ஆண்டு உங்கள் மேற்பார்வையில் மூக்குத்தி வழக்கைப் பற்றிய கட்டுரைக்கு 77 கிடைத்தது. மாணவிக்கு விலக்குக் கொடுத்தால் பள்ளிக்கு என்ன சுமை என்று நான் சொல்லவே இல்லை என முதல் வரைவின் ஓரத்தில் குறித்திருந்தீர்கள். அந்தப் பகுதியை முழுக்க மாற்றி எழுதினேன். இரண்டு வரைவுகளையும் இணைத்திருக்கிறேன்.”

இப்போது பேராசிரியருக்குப் பிடி கிடைத்துவிட்டது. ஓரத்தில் எழுதியது அவருடைய கையெழுத்து. அவர் கண்ணால் பார்த்த முன்னேற்றத்தை அவரே சாட்சியாகச் சொல்ல முடியும். அவர் நடத்தாத பாடத்தில் வாங்கிய 80ஐவிட, அவர் திருத்திய தாளில் வாங்கிய 71 இந்தக் கடிதத்தில் அதிகம் பேசும்.

அடுத்த தவறு, எண்ணை மட்டும் போட்டு அளவுகோலை விட்டுவிடுவது. நம் பல்கலைக்கழகங்களில் 50 தேர்ச்சி, 75 எட்டினால் முதல் தரம். சட்டத்தில் 75க்கு மேல் வாங்குவது எவ்வளவு கடினம் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனால் அமெரிக்காவில் 90களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு 66 சுமாராகத்தான் தெரியும். இங்கிலாந்தில் 70 முதல் வகுப்பு, 60களில் இருப்பது அடுத்த வகுப்பு. அங்குள்ள பல்கலைக்கழகங்கள் பல நாடு வாரியாக இணை மதிப்பெண்களை இணையதளத்தில் போட்டிருக்கும், அதைப் பார்த்துக்கொள்ளலாம். ஆனாலும் எந்த நாட்டிலும் சட்டென்று புரிவது வகுப்பில் எத்தனையாவது இடம் என்பதுதான். சில படிவங்களில் முதல் ஐந்து சதவீதமா, பத்து சதவீதமா என்று பேராசிரியரிடம் நேராகவே கேட்பார்கள். அதனால் கட்டுரை எழுதியவர்களில் இந்த 77 எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் சொல்ல முடியுமா என்று கடிதத்தில் கேட்டுவிட வேண்டும். உங்கள் இடத்தை நீங்களே ஊகித்து எழுதாதீர்கள். அந்தக் கணக்கு அவரிடமோ துறை அலுவலகத்திலோ இருக்கும்.

அப்புறம், தோற்ற பாடம். நம் மாணவி ஒப்பந்தச் சட்டத்தில் 44 வாங்கி, துணைத் தேர்வெழுதி 56இல் தேறியிருக்கிறாள். இதைச் சொல்லாமல் விட்டால் பேராசிரியர் பட்டியலைத் திறக்கும்போது அவரே பார்ப்பார், ஏன் மறைத்தாள் என்று யோசிப்பார். ஒரு பக்கத்துக்கு விளக்கம் எழுதினால் அதுவும் கெடுதல்தான், கடிதமே அந்த 44ஐப் பற்றியதாக மாறிவிடும். ஒரே வரி போதும்: அந்த ஆண்டு நடந்தது இது, துணைத் தேர்வில் தேறினேன், அதற்குப் பின் எந்தப் பாடத்திலும் தோற்கவில்லை. காரணம் நோயோ வீட்டுத் துக்கமோ என்றால், அதைப் பரிந்துரையில் சொல்லலாமா கூடாதா என்பதையும் தெளிவாக எழுதிவிடுங்கள். அவராக முடிவு செய்யும்படி விடக் கூடாது.

இன்னும் வராத மதிப்பெண்ணை வந்ததுபோல் எழுதுவதும் உண்டு. இங்கே கல்வியாண்டு நவம்பரில் முடிகிறது. வெளிநாட்டு விண்ணப்பங்கள் பலவும் அதற்கு முன்பே திறந்துவிடுகின்றன. அதனால் இரண்டாம் பருவப் பாடங்களுக்கு எதிரே “முடிவு வரவில்லை” என்று போடுங்கள். டிசம்பரில் முடிவு வந்ததும் அவருக்கு இரண்டு வரி அனுப்பினால் போதும். இதே காரணத்தால்தான் ஆகஸ்டிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ கேட்டுவிடச் சொல்கிறேன். அக்டோபரிலிருந்து வினாத்தாள், தேர்வு, விடைத்தாள் என்று அவர்களுக்கு மூச்சு விட நேரமிருக்காது. டிசம்பர் நடுவில் வளாகமே காலியாகிவிடும்.

யாரிடம் கேட்பது என்பதில் பலர் வழுக்குகிறார்கள். துறைத்தலைவர், முன்னாள் நீதிபதி, வீட்டுக்குத் தெரிந்த பெரிய வழக்கறிஞர் என்று பெயருக்காகப் போகிறார்கள். அந்தப் பெரிய மனிதர் உங்கள் தாளைப் படித்ததில்லை என்பது மூன்றாவது வரியிலேயே தெரிந்துவிடும். உங்கள் கட்டுரையைத் திருத்திய இளம் விரிவுரையாளரின் கடிதம் அதைவிடக் கனமானது.

கடைசியாகச் சில நடைமுறைகள். பரிந்துரையாளரின் மின்னஞ்சல் பல்கலைக்கழக முகவரியாக இருக்கட்டும். சொந்த முகவரியைப் பல இடங்களில் ஏற்பதில்லை. எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் படிப்பு, கடைசித் தேதி எது, கடிதத்தைப் பதிவேற்றும் இணைப்பு அவருக்கு எப்படி வரும் என்பதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதிக் கொடுங்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல LSAC என்ற சட்டப் படிப்புச் சேர்க்கை அமைப்பின் வழியாகத்தான் கடிதத்தை வாங்கும், அங்கே முதலில் நீங்கள் கணக்குத் திறக்க வேண்டும். உங்கள் மதிப்பெண்களை வெளியே சொல்ல அவருக்குச் சம்மதம் தருகிறேன் என்று ஒரு வரி கட்டாயம் சேருங்கள். 2013ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின், எழுத்தில் சம்மதம் இருந்தால்தான் பலர் நிம்மதியாக எழுதுகிறார்கள்.

கடிதத்தின் முடிவில் “என்னை வலுவாகப் பரிந்துரைக்க முடியும் என்று உங்களுக்குத் தோன்றுகிறதா?” என்று கேளுங்கள். தயக்கத்தோடு பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு இன்னொருவரிடம் போவதே நல்லது. செப்டம்பர் என்றால் அதற்கு நேரமிருக்கும்.