‘எங்கள் கிளையண்ட்’ யார்? ரெக்ரூட்டர் மெசேஜை எடைபோடுவதில் நடக்கும் தவறுகள்

நௌக்ரியில் ரெஸ்யூமைப் புதுப்பித்த மறுநாள் சென்னையில் இருக்கும் ஐ.டி. ஆட்களுக்கு இப்படி ஒரு மெசேஜாவது வந்துவிடும்:

“வணக்கம். எங்கள் எம்.என்.சி. கிளையண்ட்டுக்கு ஜாவா டெவலப்பர் அவசரமாகத் தேவை. அனுபவம் 4–8 வருடம். இடம்: சென்னை / பெங்களூரு / ஹைதராபாத் / புனே. கான்ட்ராக்ட் டு ஹயர். நோட்டீஸ் பீரியட் 15 நாளுக்குள். ரெஸ்யூம், இப்போதைய சிடிசி, எதிர்பார்க்கும் சிடிசி, பிறந்த தேதி, பான் எண் அனுப்பவும்.”

இதைப் பார்த்ததும் பலருக்கும் எழும் கேள்வி, “இது ஏமாற்று வேலையா?” என்பதுதான். பணம் கேட்டால் ஏமாற்று, அதில் யோசிக்க ஒன்றுமில்லை. பதிவுக் கட்டணம், லேப்டாப் டெபாசிட், பின்னணிச் சோதனைக் கட்டணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அதோடு பேச்சை முடித்துக்கொள்ளலாம். பணம் போய்விட்டிருந்தால் உடனே 1930-க்கு அழைத்துப் புகார் செய்ய வேண்டும்.

ஆனால் மேலே உள்ள மாதிரி மெசேஜ்களில் பணம் கேட்பதே இல்லை. அனுப்பியவர் உண்மையான ஆள், அவருடைய கம்பெனியும் உண்மை, வேலை மட்டும் அவர் கையில் இல்லை என்ற நிலைமைதான் அதிகம். இதைக் கண்டுபிடிப்பதில்தான் நாம் தவறுகிறோம்.

ஆங்கிலத்தையும் லோகோவையும் பார்த்து முடிவு செய்வது

எழுத்துப்பிழை இருந்தால் போலி என்று ஒரு நம்பிக்கை உண்டு. பிற கம்பெனிகளுக்கு ஆள் தேடித் தரும் ஸ்டாஃபிங் கம்பெனிகளில் ஒரு ரெக்ரூட்டர் ஒரே நாளில் பல தேவைகளுக்கு ஆள் தேட வேண்டியிருக்கும். வெண்டர், அதாவது கிளையண்ட்டுக்கு ஆள் தரும் கம்பெனி, அனுப்பிய மெயிலில் வந்ததை அப்படியே நகலெடுத்து, பெயரை மாற்றக்கூட மறந்து அனுப்பிவிடுவார். வேறு யாரோ ஒருவர் பெயரில் வணக்கம் சொல்லி வந்த மெசேஜுக்குப் பின்னால் அசல் வேலை இருந்ததும் உண்டு. மறுபக்கம், ஏமாற்றுபவர்களுக்கு நல்ல ஆங்கிலமும் அழகான லெட்டர்ஹெட்டும் இன்று ஒரு பெரிய காரியமே இல்லை.

எழுத்து நடையை விட்டுவிட்டு, மெயில் முகவரியில் @ குறிக்குப் பின்னால் இருப்பதை வலமிருந்து இடமாகப் படியுங்கள். ஒரு கம்பெனியின் தளம் example.com என்றால், careers.example.com அவர்களுடையது. example-careers.com அப்படியல்ல, அதை யார் வேண்டுமானாலும் சில நூறு ரூபாய்க்கு வாங்கலாம். lookup.icann.org-இல் அந்த டொமைனைப் போட்டால் எப்போது பதிவானது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். பல வருடங்களாக இயங்கும் கம்பெனி என்று சொல்லிக்கொண்டு டொமைன் மட்டும் போன மாதம் பிறந்திருந்தால், சந்தேகப்படாமல் இருக்க முடியாது.

ஜிமெயிலில் Show original என்று ஒன்று உண்டு. அதைத் திறந்தால் SPF, DKIM, DMARC எதிரே PASS என்று இருக்கும். அதைப் பார்த்துவிட்டு “அப்பாடா” என்று நிம்மதி அடைகிறவர்கள் இருக்கிறார்கள். மெயில் அந்த டொமைனிலிருந்துதான் வந்தது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. example-careers.com-உம் தன் மெயிலுக்கு PASS வாங்கிவிடும்.

கம்பெனியைச் சரிபார்த்துவிட்டு, தொடர்பைச் சரிபார்க்காமல் விடுவது

இது படித்த, உஷாரான ஆட்கள் செய்யும் தவறு. கூகுளில் தேடுகிறார்கள், ஸ்டாஃபிங் கம்பெனிக்குத் தளம் இருக்கிறது, கிண்டியில் ஆபீஸ் இருக்கிறது, கம்பெனிகளைப் பதிவு செய்யும் அரசின் எம்.சி.ஏ. தளத்தில் பதிவும் இருக்கிறது. “சரி, உண்மையான கம்பெனிதான்” என்று ரெஸ்யூமை அனுப்பிவிடுகிறார்கள். அந்தக் கம்பெனி இருக்கிறது என்பதற்குத்தான் இதெல்லாம் சான்று. வேலை தருகிற கிளையண்ட், ஆள் தேடச் சொல்லி அவர்களைக் கேட்டாரா என்பது வேறு விஷயம்.

கான்ட்ராக்ட் வேலைகள் பெரும்பாலும் ஒரு சங்கிலியில் வருகின்றன. கிளையண்ட் தன் பட்டியலில் உள்ள வெண்டர்களுக்குத் தேவையை அனுப்புவார். அந்த நேரடி வெண்டருக்கு ஆள் கிடைக்காவிட்டால் ஒரு சப்-வெண்டரிடம் சொல்வார். அவர் ஒரு ஃப்ரீலான்ஸ் ரெக்ரூட்டரிடம் சொல்வார், அவர் வாட்ஸ்அப் குழுவில் போடுவார். உங்களுக்கு வந்த மெசேஜ் இந்தச் சங்கிலியின் எந்தக் கண்ணியிலிருந்தும் கிளம்பியிருக்கலாம். கிளையண்டிடம் அந்தத் தேவை மூடப்பட்ட பிறகும் கீழே ஒரு வாரம் ஓடிக்கொண்டிருக்கும். தேவையே இல்லாமல், நாளை வரப்போகும் தேவைக்காக ரெஸ்யூம் சேர்த்துவைப்பவர்களும் உண்டு. நாலு ஊர் போட்டு, நாலு முதல் எட்டு வருடம் என்று பரந்த வலை வீசும் மெசேஜ்களில் அந்த வாடை அடிக்கும்.

கிளையண்ட்டின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் அந்த வேலை இல்லையென்றால் பொய் என்று முடிவு கட்டுவதும் சரியல்ல. நேரடி ஊழியர் வேலைகள்தான் பொதுவாக அங்கே வரும். கான்ட்ராக்ட் தேவைகள் வெண்டர்களுக்கான தனி போர்ட்டலில் போகும். அதனால் ரெக்ரூட்டரிடம் ரெக்விசிஷன் ஐடி, அதாவது அந்தத் தேவைக்குக் கிளையண்ட் கொடுத்த எண்ணைக் கேளுங்கள். நேரடி வெண்டரிடம் அது இருக்கும். சங்கிலியில் கீழே இருப்பவர் மேலே கேட்டுத்தான் சொல்வார். கேட்டுச் சொன்னால்கூட நல்லதுதான். எண் கிடைத்தபின், கிளையண்ட் கம்பெனியில் வேலை பார்க்கும் தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்து, அந்த டீமில் அப்படி ஒரு தேவை ஓடுகிறதா என்று விசாரிக்கச் சொல்லுங்கள். ஹெச்.ஆருக்கு நேரடியாகப் போன் செய்தால், வெண்டர் விஷயங்களை வெளியாட்களிடம் பேசமாட்டோம் என்றுதான் பெரும்பாலும் பதில் வரும்.

கிளையண்ட் பெயர் தெரியாமலே சம்மதம் சொல்வது

முதல் மெசேஜில் கிளையண்ட் பெயர் இல்லாதது தப்பில்லை. சொன்னால் நீங்கள் அவரைத் தாண்டி நேராக விண்ணப்பித்துவிடுவீர்கள், அல்லது வேறு வெண்டர் தெரிந்துகொள்வார் என்ற பயம் அவருக்கு. நியாயமான பயம்தான். ஆனால் உங்கள் ரெஸ்யூம் கிளையண்டிடம் போவதற்கு முன் பெயர் தெரிந்தே ஆக வேண்டும், இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

ஏனென்றால், ஒரே ஆளின் ரெஸ்யூம் ஒரே தேவைக்கு இரண்டு வெண்டர் வழியாகப் போனால், கிளையண்ட்டின் சிஸ்டம் அதை டூப்ளிகேட் என்று காட்டும். முதலில் அனுப்பியவருக்கே உரிமை என்று சில கம்பெனிகள் வைத்திருக்கின்றன. வேறு சில கம்பெனிகள் வம்பே வேண்டாம் என்று இரண்டையும் ஒதுக்கிவிடும். அந்த உரிமை சில மாதங்கள்வரை நீடிப்பதும் உண்டு. அதற்குள் வேறு நல்ல வெண்டர் வந்தாலும், நீங்களே நேராக விண்ணப்பித்தாலும் உங்கள் பெயர் முதல் வெண்டரோடு கட்டுண்டு கிடக்கும். “எம்.என்.சி. கிளையண்ட்” என்று மூன்று பேர் சொன்ன மூன்றும் ஒரே கம்பெனியாக இருக்கலாம். மூவருக்கும் சரி என்று சொன்னவருக்குக் கடைசியில் யாரிடமிருந்தும் பதில் வராது, காரணமும் தெரியாது.

பான் எண்ணும் பிறந்த தேதியும் கேட்பது இதற்காகத்தான். டூப்ளிகேட்டைக் கண்டுபிடிக்க வெண்டர் போர்ட்டல்களில் ஓர் அடையாள எண் வேண்டும். ஆகவே பான் கேட்டாலே திருட்டு என்று சொல்லிவிட முடியாது. முதல் மெசேஜிலேயே கேட்பதுதான் தவறு. கிளையண்ட் பெயரும் தேவை எண்ணும் உறுதியான பிறகு கொடுத்தால் போதும். அப்போதும் எண் மட்டும்தான். பான் கார்டு போட்டோ, ஆதார், பழைய சம்பளச் சீட்டு, பி.எஃப். கணக்கின் யூ.ஏ.என். எண் எதுவும் இந்தக் கட்டத்தில் யாருக்கும் தேவைப்படாது. ஓடிபி கேட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

இப்போது மேலே உள்ள மெசேஜுக்கு என்ன பதில் எழுதுவது? நான் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்:

“நன்றி. விவரம் தெரிந்தால் யோசிக்கலாம். கிளையண்ட் யார், தேவை எண் என்ன? நீங்கள் நேரடி வெண்டரா, இடையில் யாராவது இருக்கிறார்களா? சென்னையில் எந்த ஆபீஸ், வாரம் எத்தனை நாள் போக வேண்டும்? சம்பளம் யார் பேரோலில் வரும், பட்ஜெட் எவ்வளவு? என் எழுத்துச் சம்மதம் இல்லாமல் ரெஸ்யூமை எங்கும் அனுப்ப வேண்டாம்.”

இதற்கு வரும் பதிலை எடைபோட வேண்டும். “சப்மிட் ஆன பிறகு சொல்கிறோம், அவசரம், இன்று மாலைக்குள் ரெஸ்யூம் வேண்டும்” என்று வந்தால் விட்டுவிடலாம். “பெயரைப் போனில் சொல்கிறேன், இடையில் ஒரு வெண்டர் இருக்கிறார், சோழிங்கநல்லூர் ஆபீஸ், வாரம் மூன்று நாள், எண்ணை மதியம் வாங்கித் தருகிறேன்” என்று வந்தால், நேரடி வெண்டராக இல்லாவிட்டாலும் இவர் கையில் நிஜமான தேவை இருக்கிறது. எந்த ஆபீஸ், எந்த டீம் என்று தெரிந்தவர் மேலே யாரிடமோ பேசியிருக்கிறார் என்று அர்த்தம். கேள்வி கேட்டதற்காகக் கோபப்படும் ரெக்ரூட்டரை இழந்தால் நஷ்டமில்லை. நல்லவர்கள் இந்தக் கேள்விகளுக்குத் தினமும் பதில் சொல்லிப் பழகியவர்கள்.

சம்மதம் சொல்லும்போது மெயிலிலேயே ஒரு வரியில் சொல்லுங்கள்: இன்ன கிளையண்ட், இன்ன எண், இந்த ஒரு தேவைக்கு மட்டும், இந்தத் தேதியிலிருந்து. நாளைக்கு டூப்ளிகேட் தகராறு வந்தால் காட்ட அது ஒன்றுதான் உங்கள் கையில் இருக்கும்.

வேலையைப் படித்துவிட்டு, பேரோலைப் படிக்காமல் விடுவது

ஸ்பிரிங் பூட், மைக்ரோசர்வீஸ், கஃப்கா என்று திறன் பட்டியலை எல்லோரும் கவனமாகப் படிப்பார்கள். ‘கான்ட்ராக்ட் டு ஹயர்’ என்ற சொல்லைத் தாண்டிப் போய்விடுவார்கள். ஆரம்பத்தில் நீங்கள் வெண்டரின் ஊழியர். குறிப்பிட்ட காலம் கழித்துக் கிளையண்ட் விரும்பினால் எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் அதன் பொருள். எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் பெரும்பாலும் எங்கும் எழுதியிருக்காது. எத்தனை மாதம், மாறும்போது சம்பளம் எப்படி நிர்ணயமாகும், கிளையண்ட் வேலையை நடுவில் நிறுத்தினால் வெண்டர் சம்பளம் தருவாரா, இந்த மூன்றையும் ரெக்ரூட்டரிடம் கேளுங்கள். மூன்றாவதற்குத் தெளிவான பதில் வருவது அபூர்வம்.

சங்கிலி நீளமானால் இந்தக் கேள்வி இன்னும் முக்கியமாகிறது. ஒவ்வொரு கண்ணியும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். கிளையண்ட் மாதம் 1,50,000 ரூபாய் தருகிறார், இருவர் இடையில் இருந்து ஆளுக்கு 20,000 எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால், உங்களுக்கான செலவு முழுவதற்கும், பி.எஃப். உட்பட, 1,10,000 தான் மிஞ்சும். ‘பட்ஜெட் இல்லை’ என்று சொல்லும் ரெக்ரூட்டர் பொய் சொல்வதில்லை, பணம் வழியிலேயே கரைந்துவிடுகிறது. அதே தேவை நேரடி வெண்டர் வழியாக வந்தால் பேரம் பேச இடம் இருக்கும். அந்தக் காரணத்துக்காகவே சம்மதம் சொல்ல ஒரு நாள் தாமதிப்பதில் தவறில்லை.

இன்டர்வியூ கட்டம் வந்தால், அழைப்பு யாரிடமிருந்து வருகிறது என்று பாருங்கள். முதல் சுற்று வெண்டரின் டெக்னிக்கல் ஆளாக இருப்பது சகஜம். கிளையண்ட் சுற்று என்று சொல்லப்படும் டீம்ஸ் அழைப்பில் ஒருங்கிணைப்பாளர் முகவரி கிளையண்ட் டொமைனில் இல்லாமல் வெண்டர் பெயரில் இருந்தால், உள்ளே வந்து பேசுபவரிடம் எந்த டீம், யாருக்கு ரிப்போர்ட் செய்ய வேண்டும் என்று நேராகவே கேட்டுவிடலாம். ஆஃபர் லெட்டர் வந்ததும் முதலில் மேலே அச்சாகியிருக்கும் கம்பெனிப் பெயரைப் பாருங்கள். ரெக்ரூட்டர் சொன்ன பேரோல் கம்பெனிக்குப் பதில் அங்கே புதிதாக ஒரு பெயர் இருந்தால், அது யார் என்று எழுத்தில் பதில் வரும்வரை பழைய வேலையில் ராஜினாமா மெயில் அனுப்பாதீர்கள்.