நடைமேடை மாறினால் பழைய எண்ணைச் சொல்லாதீர்கள்

ரயில் நிலைய அறிவிப்பு எழுதுகிறவர்கள், நடைமேடை மாற்றத்தைச் சொல்லும்போது பழைய எண்ணை விட்டுவிடுங்கள். புதிய எண்ணை வாக்கியத்தின் கடைசியில் வைத்து, சற்று நிறுத்தி, இன்னொரு முறை சொல்லுங்கள்.

"நான்காம் நடைமேடையிலிருந்து புறப்பட வேண்டிய வைகை எக்ஸ்பிரஸ், அதற்குப் பதிலாக ஏழாம் நடைமேடையிலிருந்து புறப்படும்" என்று எழுதினால், பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடுகிறவர் காதில் நான்கு மட்டும் விழலாம். அவர் நிற்பதும் அங்கேதான், பாவம். இதையே இப்படி எழுதலாம்:

"மதுரை செல்லும் பயணிகள் கவனிக்கவும். வைகை எக்ஸ்பிரஸ் நடைமேடை மாறியுள்ளது. புதிய நடைமேடை, ஏழு. மதுரை வண்டி, நடைமேடை ஏழு."

உயரமான கூரைக்கு அடியில் ஒரு சொல்லின் எதிரொலி அடுத்த சொல்லின் மேல் படிந்து அதை மழுங்கடிக்கும். கடைசிச் சொல்லுக்குப் பின்னால் மௌனம் இருப்பதால் அது தப்பிவிடும். ஊர்ப் பெயரை முதலில் சொல்வதால் மதுரைக்காரர் காதைத் தீட்டிக்கொள்வார், மற்றவர்கள் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். எண்ணே காதில் விழாதவருக்கும் 'மாறியுள்ளது' எட்டினால் போதும், பலகையையாவது நிமிர்ந்து பார்ப்பார்.

தனித்தனியாகப் பதிவுசெய்த துண்டுகளைக் கணினி கோத்துப் பேசும் நிலையங்களில் வரிசையை நினைத்தபடி மாற்ற முடியாது. அங்கே கடைசி வரியை மட்டும் மைக்கில் நேரடியாகச் சொல்லுங்கள். அப்புறம், பக்கத்துத் தண்டவாளத்தில் வண்டி நுழைந்துகொண்டிருந்தால் எந்த வாசகமும் எடுபடாது. அது நிற்கும்வரை பொறுத்துச் சொல்லுங்கள்.